குடித்தாலும் தள்ளாடாதவர்: ‘ஸ்டெடி’ எதை மறைக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். வயது 43, எடை 65 கிலோ. மழை நாளில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துபோக, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மறுநாள் காலை கை லேசாக நடுங்குகிறது. வலியால் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் நாள் இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. படுக்கை விரிப்பு நனையும் அளவுக்கு வியர்வை. மூன்றாம் நாள் மாலை டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். எதிரே இல்லாத யாரிடமோ “அந்த லாட் இன்னும் முடியலையா?” என்று அதட்டுகிறார். கை இரண்டும் காற்றில் பனியனை மடித்து மடித்து அடுக்குகின்றன. பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரு கட்டுப் போட்டு ஓரமாக வைக்கின்றன.

ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் தம்பி. காத்துக் கருப்பு என்கிறார் அத்தை. டூட்டி டாக்டர் மனைவியைத் தனியே அழைத்து, “குடிப்பாராம்மா?” என்று கேட்கிறார். “சாயங்காலம் கொஞ்சம் எடுத்துக்குவாருங்க. ஆனா ஒரு நாள்கூடத் தள்ளாடி நான் பாத்ததில்லீங்க.”

இவர் தனி ஒரு மனிதர் அல்லர். எலும்பு முறிவு வார்டுகளில் திரும்பத் திரும்ப நிகழ்வதை ஒரே ஆளாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். மனைவி சொன்னதும் பொய்யில்லை. அவர் தள்ளாடியதே கிடையாது. அந்த உண்மையை வைத்துக் குடும்பம் போட்ட கணக்குதான் தப்பு. தள்ளாடாதவர் குறைவாகக் குடிக்கிறார், குறைவாகக் குடித்தால் உடம்புக்குப் பாதகமில்லை என்பது அந்தக் கணக்கு. அதன் இரண்டு படிகளும் ஏன் நிற்காது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## போதை வேறு, ரத்தத்தில் ஆல்கஹால் வேறு

வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிவது போதை: நாக்குக் குழறுவது, கால் பின்னுவது, கண் சிவப்பது, தேவையில்லாத சிரிப்பு, தேவையில்லாத சண்டை. இவை மூளையின் வேலை கெடுவதன் அடையாளங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு ஓடுகிறது என்பது தனிக் கணக்கு. 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று அதை அளப்பார்கள். வண்டி ஓட்டுபவருக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30.

புதிதாகக் குடிப்பவரிடம் இந்த இரண்டும் சேர்ந்தே ஏறும். 100-ஐத் தொடும்போது நடை கோணும். 200-க்கு மேல் நிற்பதே கஷ்டம். 300-ஐத் தாண்டினால் நினைவு தப்பலாம். 400-ஐ ஒட்டி மூச்சே நின்றுபோகலாம். ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரிடம் இரண்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. 250 இருக்கும்போதே ஊர், பேர், தேதி எல்லாம் தெளிவாகச் சொல்பவர்களை அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே அளவுக்கு முன்பிருந்த விளைவு இப்போது இல்லாமல் போவதைத் தாங்குதிறன் என்கிறோம். நம் ஊர்ப் பேச்சில் ‘கெப்பாசிட்டி’. சொல்லும் குரலில் கொஞ்சம் மரியாதையும் ஒட்டியிருக்கும். அந்த மரியாதைதான் பாதிச் சிக்கல்.

குடித்த அளவையும் கிராமில் தெரிந்துகொள்வது நல்லது. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். 375 மில்லி ஆஃப் பாட்டிலில் சுமார் 127 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஒரு அலகாக எடுத்துக்கொள்கிறார்கள். அது 30 மில்லி, அதாவது ஒரு ஸ்மால். ஆக, “ஒரே ஒரு குவார்ட்டர்தான்” என்பவர் குடிப்பது ஆறு அலகு. பீர்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 41 கிராம் இருக்கிறது.

## உடம்பு மூன்று வழிகளில் பழகுகிறது

முதல் வழி மூளையின் வழி. மூன்றில் முக்கியமானதும் இதுதான். மூளை செல்களை அடக்கி வைக்கும் ரசாயனம் காபா. தூண்டிவிடும் ரசாயனம் குளுட்டமேட். ஒரு தராசின் இரண்டு தட்டுகள்போல இவை சமநிலையில் இருக்கும். ஆல்கஹால் அடக்கும் தட்டில் எடையைக் கூட்டி, தூண்டும் தட்டில் எடையைக் குறைக்கிறது. அதனால்தான் முதலில் படபடப்பு அடங்கி இதமாக இருக்கிறது, பிறகு தள்ளாட்டமும் தூக்கமும் வருகின்றன. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் மூளை பொறுத்துக்கொள்ளும். தினமும் இதே நடந்தால் தராசை நேராக்கும் வேலையில் இறங்கிவிடும். காபா வந்து அமரும் ஏற்பிகள் மந்தமாகின்றன. குளுட்டமேட்டுக்கான ஏற்பிகள் கூடுகின்றன. இப்போது தராசு மறுபடி நேராக நிற்கிறது, ஆனால் ஆல்கஹால் உள்ளே இருக்கும்வரைதான். இந்த ‘வரைதான்’ மூன்றாம் நாள் மாலையை விளக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது வழி பயிற்சி. குடித்துவிட்டு நடப்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, குடித்துவிட்டு மனைவியிடம் சாதாரணமாகப் பேசுவது எல்லாமே செய்து செய்து படியும் வேலைகள். வார்த்தைகளைக் குறைத்துக்கொள்வார், சுவரோரமாக நடப்பார், வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். பழகிய இடத்தில், பழகிய நேரத்தில் உடம்பே முன்கூட்டித் தயாராகிவிடுவதும் உண்டு. அதனால்தான் தினமும் போகும் பாரில் அசையாத ஆள், வெளியூர்க் கல்யாண வீட்டில் அதே அளவுக்குச் சரிந்துவிடுகிறார். பழகிய பாதையில் வண்டி நேராகப் போகும். நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தால் பிரேக்கை மிதிக்க வேண்டிய அந்தக் கணத்துக்குப் பயிற்சி கிடையாது.

மூன்றாவது வழி கல்லீரலின் வழி. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்திலிருந்து மணிக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஆல்கஹால் இறங்கும். தொடர்ந்து குடிப்பவருக்கு 20, 25 என்று அந்த வேகம் கூடும். வழக்கமான நொதிகள் போதாமல் கல்லீரல் தன் செல்களில் இருக்கும் இன்னொரு நொதி வழியையும் முடுக்கிவிடுவதே காரணம். கல்லீரல் ஆய்வாளர் சார்லஸ் லீபர் 1960-களின் இறுதியில் விளக்கிய வழி இது. கேட்க நல்ல செய்திபோல இருக்கும், ஆனால் இந்த வழியில் கல்லீரல் செல்களைத் தாக்கும் கழிவுகள் அதிகம் உண்டாகின்றன. பாராசிட்டமாலை நச்சாக மாற்றுவதும் இதே வழிதான். தலைவலிக்கு நாம் போடும் மாத்திரை, தினசரிக் குடிகாரரின் கல்லீரலை நம்மைவிடக் குறைந்த அளவிலேயே சேதப்படுத்தக்கூடும்.

## ஒரு இரவின் கணக்கு

சூப்பர்வைசருக்கே வருவோம். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டிங்கில் தொடங்கியவர், இப்போது தினமும் ஒரு ஆஃப். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. உள்ளே போவது 127 கிராம். 65 கிலோ ஆணின் உடம்பில் ஆல்கஹால் பரவும் நீரளவை வைத்துப் பார்த்தால், மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்தால் அளவு சுமார் 285-ஐத் தொடும்.

2. பழகிய கல்லீரல் மணிக்கு 20 வீதம் இறக்குகிறது. குடித்து முடிப்பதற்குள் 50 கழிந்துவிடும். பத்தரை மணிக்கு மிச்சம் ஏறத்தாழ 235. சட்டம் சொல்லும் எல்லையைப் போல ஏழெட்டு மடங்கு. இந்த நிலையில்தான் அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, கேட்டைப் பூட்டி, “பையன் படிச்சானா?” என்று கேட்டுவிட்டுப் படுக்கிறார்.

3. காலை ஏழு மணி. எட்டரை மணி நேரத்தில் 170 இறங்கியிருக்கிறது. மிச்சம் 65. குளித்து, விபூதி வைத்து, பையனைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுவிடுகிறார். ஊதச் சொன்னால் மாட்டுவார். அவரே சத்தியம் செய்வார், “நேத்து ராத்திரி குடிச்சதுங்க, இப்ப ஒண்ணும் இல்ல” என்று.

4. ஒன்பது மணிக்கு மேல் 30-க்குக் கீழே போகிறது. உண்மையான சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. மூளை ஆல்கஹாலைக் கணக்கில் வைத்துத் தராசைச் சரிசெய்திருந்தது. ஆல்கஹால் விலகியதும் தூண்டும் தட்டு கனத்துவிடுகிறது. பத்துமணி டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதன் காரணம் இதுதான்.

சாப்பாடு, உடல்வாகு, குடிக்கும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். கோர்ட்டில் காட்டும் துல்லியம் இவற்றுக்கு இல்லை. பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவுக்கு ரத்தத்தில் ஏறுவது அதிகம், பாதிப்பும் சீக்கிரம் வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஏறுவதில்லை’ என்பதால் அவர் கட்டிங்கிலிருந்து குவார்ட்டருக்கும், குவார்ட்டரிலிருந்து ஆஃபுக்கும் போனார். பத்து ஆண்டுகளில் அவருக்குக் கிடைக்கும் இதம் கூடவில்லை. உடம்பு வாங்கிக்கொள்ளும் கிராம்தான் கூடிக்கொண்டே வந்தது. தள்ளாட்டம் என்பது ஒருவகையில் எச்சரிக்கை மணி. தள்ளாடுபவர் அத்தோடு நிறுத்துவார் அல்லது பக்கத்தில் இருப்பவர் நிறுத்துவார். மணியே அடிக்காத ஆளை யாரும் நிறுத்துவதில்லை.

## பழகாதவை

மூளையின் ஒரு பகுதி பழகிவிட்டது என்பதற்காக மற்ற உறுப்புகளும் பழகிவிடுவதில்லை. கல்லீரல் பார்ப்பது கிராமையும் ஆண்டையும் மட்டும்தான். ஆண்களில் நாளொன்றுக்கு 60 கிராமைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிகிறது. அதில் ஒரு பகுதியினருக்கு அழற்சி, தழும்பு, கடைசியில் கல்லீரல் இறுகிப்போகும் சிரோசிஸ். இதில் எந்தக் கட்டமும் போதையைப்போல வெளியே தெரியாது. கல்லீரலின் உட்பகுதிக்கு வலி உணரும் நரம்பு இல்லை. பெரும்பகுதி கெட்ட பிறகும் மிச்சத்தை வைத்து அது சமாளிக்கும். கண் மஞ்சளாகும்போதும் வயிற்றில் நீர் கோர்க்கும்போதும்தான் வீட்டுக்குத் தெரியவரும். அவை முதல் அடையாளங்கள்போலத் தோன்றும். நோயின் வரிசையில் அவை கடைசிப் பக்கத்தை ஒட்டியவை.

“நான் நல்லாச் சாப்பிட்டுட்டுத்தான் குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது” என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். குடிகாரரின் கல்லீரல் கெடுவது சத்துக்குறைவால்தான் என்று மருத்துவமே ஒரு காலத்தில் நம்பியது. மேலே சொன்ன லீபரும் அவரோடு ஆய்வு செய்த லியனோர் டிகார்லியும் 1970-களில் பபூன் குரங்குகளுக்குச் சத்தான உணவோடு சேர்த்து ஆல்கஹாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகச் சாப்பிட்ட குரங்குகளுக்கும் சிரோசிஸ் வந்தது. சில்லி சிக்கனும் ஆம்லெட்டும் ஆல்கஹால் ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஏறப்போகும் 127 கிராமில் பெரிதாக எதையும் கழிக்காது.

ரத்த அழுத்தம், இதயத் துடிப்புச் சீர்கேடு, வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும். கூடவே பீடியோ சிகரெட்டோ இருந்தால் தொண்டைப் பகுதிப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

மூளைக்குள்ளேயே பழக்கம் சமமாக இல்லை என்பது இன்னும் குறைவாகத் தெரிந்த விஷயம். நடையும் பேச்சும் பழகிவிடும். புதிய நினைவைப் பதியவைக்கும் பகுதி அந்த அளவுக்குப் பழகாது. அதனால் இரவு பத்து மணிக்கு மச்சானிடம் சீட்டுப் பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசி, “சரி, நாளைக்குத் தர்றேன்” என்று சொன்னவருக்கு மறுநாள் அப்படியொரு பேச்சு நடந்த ஞாபகமே இருக்காது. மச்சான் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைப்பார். தூங்கிப்போனதால் மறந்தது என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அந்த நேரத்தில் மூளை பதிவே செய்யவில்லை. பதிவாகாததை யோசித்து மீட்கவும் முடியாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மூச்சு. போதை தெரிவதற்கான அளவு தாங்குதிறனால் மேலே மேலே போகிறது. மூச்சை நிறுத்தும் அளவு அவ்வளவாக நகர்வதில்லை. புதிதாகக் குடிப்பவருக்கு இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கும்; வாந்தி எடுத்தோ சுருண்டு படுத்தோ அங்கேயே தப்பிவிடுவார். பழகியவருக்கு அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இடைவெளியே இல்லாமல் போகலாம்.

## ‘எனக்கு உடம்பு வாகு அப்படி’

சிலருக்குப் பிறவியிலேயே போதை குறைவாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அது பாதுகாப்புக் கவசம் என்று எடுத்துக்கொள்வது தலைகீழ்ப் பாடம். அமெரிக்காவின் சான் டியேகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல ஆய்வாளர், குடிநோயாளித் தந்தைகளின் மகன்களை இருபது வயதையொட்டிச் சோதித்தார். ஒரே அளவு ஆல்கஹாலுக்கு யாருக்குக் குறைவாக ஏறுகிறது, யார் குறைவாக ஆடுகிறார் என்று அளந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தார். குறைவாக ஏறியவர்களே பிற்காலத்தில் அதிகமாகக் குடிநோய்க்கு ஆளானார்கள். காரணம் எளிது. நண்பர்களோடு உட்காரும்போது மற்றவருக்கு இரண்டு ரவுண்டில் கிடைப்பது இவருக்கு நான்கு ரவுண்டில்தான் கிடைக்கிறது. நான்கு ரவுண்டுக்குப் பழகிய உடம்பு அடுத்து ஆறு கேட்கிறது.

## மறைந்திருப்பதை எப்படிக் கண்டுகொள்வது

தள்ளாடாத எல்லோரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மாதம் ஒருமுறை இரண்டு ஸ்மால் குடிப்பவரும் தள்ளாடமாட்டார். ஆகவே நடையை விட்டுவிட்டு வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. கேள்வியை மாற்றிக் கேட்பது. “எவ்வளவு குடிப்பீர்கள்?” என்றால் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். “எவ்வளவு அடித்தால் உங்களுக்கு ஏறும்?” என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் வரும்: “ஒரு குவார்ட்டர்லாம் எனக்கு ஒண்ணுமே பண்ணாது சார்.” இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தித்தான் 1989-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ராபர்ட் சோகலும் உடன் பணிபுரிந்தவர்களும் கர்ப்பிணிகளுக்காக நான்கு கேள்விகள் கொண்ட சோதனையை அமைத்தார்கள். முதல் கேள்வியே தாங்குதிறன் பற்றியது. குடிப்பதை மறைக்க நினைப்பவருக்கும் இந்தக் கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி கேட்காது. ஏறுவதற்கே இரண்டு அலகுக்கு மேல் வேண்டுமென்றால் அது எச்சரிக்கையான பதில். குவார்ட்டர் என்பது ஆறு.

2. காலை நேரம். பல் தேய்க்கும்போது ஓங்கரிப்பு, கையெழுத்து கோணுவது, காலை உணவு இறங்காமை. எல்லாம் மதியத்துக்கு மேல் அல்லது ஒரு மடக்குக்குப் பிறகு சரியாகிவிடுவது. டாஸ்மாக் கடை திறப்பதே பகல் 12 மணிக்கு. அதனால் காலை நடுக்கம் உள்ளவர் முந்தைய இரவே ஒரு கட்டிங்கை மிச்சம் வைப்பார். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், மோட்டார் ரூமில், பைக்குள் தண்ணீர் பாட்டிலில் என்று அது இருக்கும். எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட, நாளைக்கு என்று எடுத்து வைக்கிறாரா என்பது அதிகம் சொல்லும்.

3. ரத்தப் பரிசோதனை. கல்லீரல் பரிசோதனையில் ஜிஜிடி உயர்ந்திருப்பது, எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்கு இருப்பது, சாதாரண ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி கூடியிருப்பது, பிளேட்லெட் குறைந்திருப்பது. இவை சேர்ந்து வந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். தனித்தனியாக வந்தால் வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலும் வலிப்பு மாத்திரையும் ஜிஜிடியை உயர்த்தும். முக்கியமாக, எல்லாம் நார்மல் என்று வந்த ரிப்போர்ட், கல்லீரலில் தழும்பே இல்லை என்பதற்கு உத்தரவாதமாகாது. அந்த ஒரு தாளைக் காட்டி இன்னும் பத்து ஆண்டு குடித்தவர்கள் உண்டு.

## மூன்றாம் நாள் ஏன்?

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளே அவருடைய குடி நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை, எலும்பு நிறுத்தியது. கடைசி மடக்கு இறங்கி ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் ஒரு பகுதியினருக்குப் பிதற்றல் நிலை: இல்லாததைப் பார்ப்பது, நாள் கிழமை தெரியாமை, காய்ச்சல், எகிறும் நாடித் துடிப்பு. ஆல்கஹால் விலகிய பிறகு தூண்டும் தட்டைத் தடுக்க ஒன்றுமில்லை. தராசு ஒரே பக்கம் சாய்கிறது. பிதற்றலில் பலர் தங்கள் அன்றாட வேலையையே செய்துகொண்டிருப்பார்கள். டிரைவர் ஸ்டியரிங் பிடிப்பார், கொத்தனார் செங்கல் வைப்பார், இவர் பனியன் மடித்தார். சிகிச்சை கிடைக்காவிட்டால் இது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நிலை.

“குடியை விட்டதாலதான் செத்தான்” என்று ஊரில் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு பாதி உண்மை இருக்கிறது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கோடு மதுக்கடைகளும் மூடப்பட்டபோது, தங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று பல குடும்பங்களுக்கு முதல்முறையாகத் தெரிந்தது அந்த மூன்றாம் நாளில்தான். தினமும் ஆண்டுக்கணக்கில் குடிப்பவர், அதிலும் காலையில் நடுக்கம் உள்ளவர், வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. ஏற்கெனவே வலிப்போ பிதற்றலோ வந்தவருக்கு இரட்டை ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. காபாவின் பக்கம் எடை வைக்கும் டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு வகை மருந்துகளைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். குடிகாரரின் உடம்பில் அது வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் “குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்கும்போது, குடும்பத்தார் கௌரவம் பார்த்து “எப்பவாவது” என்று சொல்வது இங்கே எவ்வளவு விலை கேட்கிறது பாருங்கள். “தினமும் ஒரு ஆஃப், கடைசியாகக் குடித்தது நேற்று இரவு பத்தரைக்கு” என்று சொல்லியிருந்தால், மயக்க மருந்தின் அளவும் மாறியிருக்கும், மூன்றாம் நாள் மாலையும் வந்திருக்காது.

## தாங்குதிறன் குறையும் இரண்டு நேரங்கள்

முதலாவது, பல ஆண்டுகளுக்குப் பிறகு தானாகக் குறைவது. “முன்னெல்லாம் ஃபுல் அடிப்பான், இப்ப ஒரு கட்டிங்லயே சாஞ்சிடறான்” என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். குடியைக் குறைத்துவிட்டார் என்று வீட்டில் நிம்மதிகூட வரலாம். கல்லீரல் ஆல்கஹாலை எரிக்கும் சக்தியை இழந்துவிட்டது, மூளையும் தேய்ந்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். முதல்முறையாக அவர் தள்ளாடுவதைப் பார்க்கும் வீடு, இப்போதுதான் குடிக்க ஆரம்பித்திருக்கிறார் என்று நினைக்கும்.

இரண்டாவது, நிறுத்திய பிறகு. இரண்டு மூன்று வாரங்கள் குடிக்காமல் இருந்தாலே மூளை தன் தராசைப் பழைய இடத்துக்குத் திருப்பத் தொடங்கிவிடும். தாங்குதிறன் வேகமாக விழும். பழைய அளவின் ஞாபகம் மட்டும் விழாது. எலும்பு கூடி, கட்டுப் பிரித்து, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த சூப்பர்வைசரைக் கூட்டாளி ஒருவர் பார்க்க வருகிறார். பையில் அதே ஆஃப் பாட்டில், அதே 127 கிராம். 235 ஓடும்போது கேட்டைப் பூட்டிவிட்டுப் படுத்த மூளை இப்போது அவரிடம் இல்லை. இன்று அவர் படுத்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு சீராக இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுப்பி எழவில்லை என்றாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் யாரும் விழித்திருக்கமாட்டார்கள். அவர்தான் எவ்வளவு அடித்தாலும் ஸ்டெடியாக இருப்பவராயிற்றே.